8 அங்குல ரிம்மில் 195 டயர்: மாட்டலாமா, வேண்டாமா? நான்கு வழிகளும் ஓர் ஒப்பீடும்

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி காரைப் பற்றியவை. "அண்ணே, அலாய் கம்மி விலைக்கு வருது, நம்ம டயர் இதுல ஏறுமா?" என்பதுதான் எல்லாவற்றிலும் முதல் கேள்வி. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு டயர் கடையில் பத்து வருடம் டயர் கழற்றி மாட்டியவன் நான். அதனால் தெரிந்தவர்கள் எல்லோரும் வாங்குவதற்கு முன் கேட்கிறார்கள். சிலர் வாங்கிய பிறகு கேட்கிறார்கள்.

இரண்டாவது வகையில் வந்தவன் என் அக்கா மகன். வலங்கைமான் பக்கத்தில் இருக்கிறான். சின்ன ஹேட்ச்பேக் கார், கம்பெனி டயர் 185/65 R15, இரும்பு டிஸ்க். யாரோ கழற்றிப் போட்ட 16 அங்குல அலாய் நான்கை வாங்கிக்கொண்டு வந்து, "மாமா, 195 டயரை இழுத்து மாட்டிக்கலாம்னு சொல்றாங்க, பாக்க சூப்பரா இருக்கும்" என்றான். ரிம்மைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஆரக்காலில் இப்படி வார்த்திருந்தது:

```
16x8J H2 ET25
```

16 என்பது ரிம்மின் விட்டம், 8J என்பது அதன் அகலம், இரண்டும் அங்குலத்தில். இந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. ஆனால் அவனுக்கு அது புரிய ஒரு மாதமும் ஒரு இரவும் ஆனது. அந்தக் காரையே உதாரணமாக வைத்து, அவன் முன் இருந்த நான்கு வழிகளையும் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, அந்த டயருக்கு அனுமதித்த ரிம் அகலத்துக்குள் நம் ரிம் வருகிறதா என்பது. இதில் தேறாவிட்டால் மற்றதைப் பார்க்கவே வேண்டியதில்லை.

அடுத்தது டயரின் மொத்த உயரம். பழைய டயரை விட இரண்டு சதவீதத்துக்கு மேல் மாறினால் ஸ்பீடோமீட்டரும் தரை இடைவெளியும் கணக்குத் தவறும். மூன்றாவது எடை தாங்கும் எண், அதாவது சைஸுக்குப் பக்கத்தில் 88H என்று இருக்கிறதே, அதில் உள்ள 88. கம்பெனி கொடுத்ததற்குக் குறையக் கூடாது.

நான்காவதை எந்தப் புத்தகமும் சொல்லாது, அது நம் ரோடு. டெல்டாவில் கிளைச் சாலைகள் பெரும்பாலும் ஒரு வண்டி போகும் அகலம்தான். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். எதிரே பஸ் வந்தால் இடது சக்கரம் இரண்டையும் தாரை விட்டு மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் கரைந்துபோய், தாரின் விளிம்பு மூன்று நான்கு அங்குலம் படி மாதிரி நிற்கும். பஸ் போனதும் அந்தப் படியில் சாய்வாக ஏறுகிறோம். அப்போது டயரின் பக்கவாட்டில் விழும் தள்ளு, நேராகக் குழியில் விழும் அடியை விட மோசமானது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

## அனுமதித்த அகலத்தை எப்படிப் பார்ப்பது

டயரில் 195 என்று இருந்தால் அது மில்லிமீட்டர். ரிம்மில் 8 என்று இருந்தால் அது அங்குலம். இரண்டும் ஒன்றோடொன்று பேசாத அலகுகள், குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு டயர் சைஸுக்கும் ஓர் 'அளவு ரிம்' உண்டு. அந்த ரிம்மில் மாட்டி அளந்தால்தான் டயர் ஏறக்குறைய எழுதியபடி 195 இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் இவ்வளவு வரை போகலாம் என்று ஓர் எல்லை உண்டு. ஐரோப்பாவில் ஈ.டி.ஆர்.டி.ஓ. என்ற அமைப்பும், இங்கே இந்திய டயர் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவும் (இட்டாக்) இந்த அட்டவணையை வெளியிடுகின்றன. டயர் கம்பெனிகள் தங்கள் டேட்டா புத்தகத்தில் இதையே சைஸ் வாரியாகப் போட்டிருக்கும். கடைக்காரரிடம் "டேட்டா புக்ல ரிம் ரேஞ்ச் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டால் போதும். நம் காருக்குத் தேவைப்படும் நான்கு மட்டும் இங்கே:

| டயர் | அனுமதித்த ரிம் அகலம் (அங்குலம்) | அளவு ரிம் |
|---|---|---|
| 185/65 R15 | 5 முதல் 6½ | 5½ |
| 195/60 R15 | 5½ முதல் 7 | 6 |
| 195/55 R16 | 5½ முதல் 7 | 6 |
| 225/50 R16 | 6 முதல் 8 | 7 |

அட்டவணை கையில் இல்லாதபோது நான் ஒரு குத்துமதிப்புக் கணக்குப் போடுவேன். ரிம் அகலத்தை 25.4-ஆல் பெருக்கி, டயர் அகலத்தால் வகுக்க வேண்டும். சாதாரண கார் டயர்களில் விடை 0.7-க்கும் 0.9-க்கும் நடுவில் இருக்கும். 225/45 மாதிரி பக்கச் சுவர், அதாவது சைடுவால், குட்டையான டயர்களில் 0.95 வரை போகும். அக்கா மகன் கொண்டுவந்த ரிம்மைப் பாருங்கள்: 8 × 25.4 = 203 மி.மீ. டயர் 195. வகுத்தால் 1.04. டயரை விட ரிம்மே அகலம்! இது கடைசி முடிவுக்கான கணக்கு இல்லை, சந்தேகத்தைக் கிளப்பும் கணக்கு. சந்தேகம் வந்தால் அட்டவணைக்குப் போக வேண்டும்.

ரிம்மில் எழுத்து அழிந்திருந்தால் டேப் வைத்து அளக்கலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது. 8 ஜே என்பது டயரின் உள் விளிம்பான பீடு ரிம்மில் உட்காரும் இடத்தில், ரிம்மின் ஓரங்களான இரண்டு லிப்புகளின் உள்பக்கத்துக்கு நடுவில் உள்ள அகலம். வெளியிலிருந்து வெளியே அளந்தால் லிப்பின் கனமும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடக் காட்டும். 6½ ஜே ரிம்மை 7½ என்று சொல்லி விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு அளக்கத் தெரியாது.

அனுமதித்த எல்லைக்குள் ரிம் மாறினால் டயரும் கொஞ்சம் மாறும். ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரின் அகலம் ஏறக்குறைய 5 மி.மீ. கூடும், குறுகினால் அதே அளவு குறையும். அடுத்து வரும் வழிகளில் இது உதவும்.

## வழி 1: இருக்கிற டிஸ்க், இருக்கிற சைஸ்

5½ ஜே இரும்பு டிஸ்க்கில் 185/65 R15. அளவு ரிம் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, இதை விடப் பொருத்தம் கிடையாது. சைடுவால் 185-இல் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. உயரம், குழியை டயரே வாங்கிக்கொள்ளும். இரும்பு டிஸ்க் வளைந்தாலும் நீடாமங்கலத்திலோ பாபநாசத்திலோ ஒரு பட்டறையில் தட்டி நிமிர்த்திவிடலாம். டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

குறை என்று பார்த்தால் அழகு ஒன்றுதான். வாடகை ஓட்டுகிறவர்கள், நாற்று நடவு சமயத்தில் ஆளும் உர மூட்டையும் சேர்த்து ஏற்றுகிறவர்கள், தினமும் வாய்க்கால் கரையில் போகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

## வழி 2: இருக்கிற டிஸ்க்கில் ஒரு சுற்று அகல டயர்

அதே 5½ ஜே டிஸ்க்கில் 195/60 R15. அனுமதி 5½-லிருந்து தொடங்குகிறது, அதாவது கீழ் எல்லையில் நிற்கிறோம். நிற்கலாம், தப்பில்லை. எடை எண் அதே 88 கிடைக்கும். மொத்த உயரம் 621 மி.மீ.-இலிருந்து 615-க்கு இறங்கும், ஒரு சதவீதம்தான்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. 195 என்பது 6 அங்குல ரிம்மில் அளந்த அகலம். நம் 5½-ல் அது ஏறக்குறைய 190-தான் இருக்கும். பழைய 185-க்கும் இதற்கும் வித்தியாசம் 5 மி.மீ. "அகல டயர் போட்டுட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. பிரேக் பிடிப்பு கூடும் என்று இதை வாங்குகிறவர்கள், அந்தக் காசில் 185-லேயே நல்ல டயராக வாங்கினால் கூடுதல் பலன் கிடைக்கும்.

இதே டிஸ்க்கில் 215 போடலாமா என்றும் கேட்கிறார்கள். அது எல்லைக்கு வெளியே, மறுபக்கம். ரிம் குறுகிப்போனதால் டயரின் இடுப்பு பிதுங்கி நிற்கும், ரோட்டைத் தொடும் தடம் நடுவில் உப்பும், நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். வளைவில் கார் ஒரு கணம் தாமதித்துத் திரும்புகிற மாதிரி ஆடும். இதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம், அதனால் இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் குறைவு.

## வழி 3: 16 அங்குலம், 6½ ஜே, 195/55

அலாய்தான் வேண்டும் என்றால் இதுதான் வழி. 195/55 R16-க்கு 5½ முதல் 7 வரை அனுமதி, 6½ வசதியாக நடுவில் வருகிறது. மொத்த உயரம் 621, பழையதோடு மில்லிமீட்டர் சுத்தமாக ஒத்துப்போகிறது. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. ரிம்மின் ஆஃப்செட் (ET என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்) பழையது மாதிரியே 40 ஆக வாங்கினால், இரண்டு பக்கமும் ஆளுக்கு 13 மி.மீ. ரிம் அகலும். பெரும்பாலான கார்களில் இது உரசாது, ஆனாலும் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்துவிட வேண்டும்.

மறைந்திருக்கும் விஷயம் எடை எண். இந்த சைஸ் சாதாரணமாக 87 எண்ணில் வருகிறது, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ. நம் பழைய 88 என்பது 560 கிலோ. எண் குறையக் கூடாது என்று மேலே சொன்னேன் அல்லவா? இதே சைஸில் கூடுதல் பலம் கொண்ட 91 எண் டயர் உண்டு, 615 கிலோ தாங்கும். கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் கடையில் கையில் இருப்பதைத்தான் மாட்டுவார்கள், நானும் அப்படித்தான் மாட்டியிருக்கிறேன்.

இன்னொரு செலவு ஸ்டெப்னி. டிக்கியில் 15 அங்குல டிஸ்க் கிடக்கும். உயரம் ஒன்றாக இருப்பதால் அவசரத்துக்குப் போட்டு ஓட்டலாம், ஆனால் அலாய்க்கு வேறு போல்ட்டோ நட்டோ என்றால் பழைய நட்டையும் டிக்கியிலேயே வைத்திருங்கள். இரும்பு டிஸ்க்குக்கும் அலாய்க்கும் நட்டின் முகம் வேறாக இருக்கலாம். இரவு பத்து மணிக்கு இதைத் தெரிந்துகொள்வது வேதனை.

சைடுவால் 120-இலிருந்து 107-க்குக் குறைகிறது. தார் படியில் ஏறும்போது அந்த 13 மி.மீ. தெரியும். முன்பு யோசிக்காமல் ஏறின இடத்தில் இனி கொஞ்சம் வேகம் குறைப்பீர்கள்.

## வழி 4: 16 அங்குலம், 8 ஜே, இழுத்து மாட்டிய 195/50

இப்போது அக்கா மகன் செய்ததற்கு வருவோம். "இழுத்து மாட்டுவது" ஏன் தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதன் சிக்கல் புரியும்.

8 ஜே ரிம்முக்கு அட்டவணைப்படி 225/50 R16 போட வேண்டும். ஆனால் அவன் ரிம்மின் ஆஃப்செட் 25, கம்பெனி டிஸ்க்குக்கு 40. கணக்குப் போடுங்கள். ரிம் 5½-இலிருந்து 8 ஆகும்போது ஒரு பக்கத்துக்கு 32 மி.மீ. அகலும். ஆஃப்செட் 15 குறைந்ததால் ரிம் முழுவதும் இன்னும் 15 மி.மீ. வெளியே வரும். ஆக, வெளி லிப் பழைய இடத்தை விட 47 மி.மீ. வெளியே நிற்கிறது. அதன் மேல் 225 டயரைப் போட்டால் மட்கார்டில் இடிக்காமல் காரை நகர்த்தவே முடியாது. அதனால்தான் டயரைச் சின்னதாக வாங்கி, அதன் இடுப்பை இழுத்து ரிம்மில் ஏற்றுகிறார்கள். சைடுவால் உள்பக்கம் சாய்ந்து நிற்பதால் மட்கார்டுக்கு இடம் கிடைக்கிறது. அழகுக்காகச் செய்வதாகச் சொன்னாலும், தப்பான ரிம் வாங்கியதற்கு டயர் கட்டுகிற அபராதம்தான் இது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? 195 டயரின் தடம் ஏறக்குறைய 165 மி.மீ. அகலம். அளவு ரிம்மில் பீடு இருக்கும் இடம் 152 மி.மீ., எனவே சைடுவால் கொஞ்சம் வெளியே வளைந்து, ரிம்மின் லிப்பை மூடிக்கொண்டு நிற்கும். 8 ஜே-யில் பீடு இருக்கும் இடம் 203 மி.மீ. சைடுவால் இரண்டு பக்கமும் தடத்திலிருந்து ரிம்மை நோக்கி வெளியே சரிந்து, கூடாரத்தின் துணி மாதிரி விறைத்து நிற்கிறது. மூன்று விளைவுகள்.

லிப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குழி, கல், தார் படி எல்லாம் முதலில் உலோகத்தைத்தான் தொடும்.

சைடுவாலில் வளையும் இடமே இல்லை. நல்ல டயர் குழியில் விழும்போது இடுப்பு பிதுங்கி அடியைத் தின்றுவிடும். விறைத்த டயர் அதை நேராக ரிம்முக்குக் கடத்தும். உள்ளே இருக்கும் நூல் இழைகளும் எப்போதும் இழுபட்டே இருப்பதால், ஓர் அடியில் சில இழைகள் அறுந்தால் சைடுவாலில் முட்டை மாதிரி ஒரு புடைப்பு வரும். அதைப் பார்த்தால் அந்த டயர் முடிந்தது, அன்றைக்கே கழற்ற வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பீடு ரிம்மில் எப்படி நிற்கிறது? உள்ளிருக்கும் காத்து அதை லிப்போடு சேர்த்து வெளிப்பக்கம் அழுத்துகிறது. உள்பக்கம் நழுவாமல் இருக்க ரிம்மில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, ரிம்மில் H2 என்று வார்த்திருந்ததே, இரண்டு பக்கமும் அந்த மேடு உண்டு என்று அர்த்தம். இழுத்து மாட்டிய டயரில் சைடுவால் எப்போதும் பீடை உள்பக்கம், ரிம்மின் நடுக் குழியை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. காத்து ஜெயிக்கிற வரை பிரச்சினை தெரியாது. காத்து குறைந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால், பீடு மேட்டைத் தாண்டி உள்ளே விழும். அது பஞ்சர் மாதிரி மெதுவாக இறங்காது, டயரில் உள்ள காத்து முழுவதும் அந்தக் கணமே போய்விடும்.

தார் படியைப் பற்றி முதலிலேயே சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான்.

அக்கா மகனுக்கு நடந்தது இது. மாட்டி ஒரு மாதம் இருக்கும். கொள்முதல் நிலையத்துக்கு நெல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த நாட்கள். நீடாமங்கலத்திலிருந்து திரும்பும்போது எதிரே லாரி. இடது சக்கரத்தை மண்ணில் இறக்கினான், லாரி போனதும் ஸ்டீரிங்கைத் திருப்பித் தாரில் ஏறினான். இடது முன் டயர் தார் விளிம்பில் பக்கவாட்டாகத் தேய்ந்து ஏறியபோது "டப்" என்று ஒரு சத்தம், ஸ்டீரிங் இடது பக்கம் இழுத்தது. வேகம் முப்பதுதான் இருக்கும். வாய்க்கால் ஆறு அடி தள்ளி.

முன்பக்க டயரில் காத்து 33 பி.எஸ்.ஐ. வைத்திருந்தோம். அந்த வாரம் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். "அதுல கொஞ்சம் காத்து இறங்குது மாமா, வாரம் ஒருமுறை அடிச்சுக்கறேன்" என்றான். மற்ற மூன்றையும் அளந்தேன், ஒன்று 27, ஒன்று 31, ஒன்று 32. 27 இருந்த சக்கரத்தின் லிப்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன், ஓரிடத்தில் பொடிப் பொடியாக நுரை வந்தது. லிப் அங்கே நகக்கண் அளவு வளைந்திருந்தது. விழுந்த டயரின் ரிம்மிலும் அதே மாதிரி ஒரு வளைவு இருந்திருக்க வேண்டும், ஆனால் தார் சுரண்டிய காயத்தில் அது தெரியவில்லை.

அன்றிரவு இன்னொரு செலவும் தெரிந்தது. ஸ்டெப்னி பழைய 185/65 R15, உயரம் 621. மாட்டியிருந்த 195/50 R16-இன் உயரம் 601. முன்பக்கம் ஒரு சக்கரம் பெரிது, ஒன்று சின்னது. மெதுவாக வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் பஞ்சர் கடையில் அந்த டயர் உட்காரவில்லை. சாதாரண டயரில் கம்ப்ரஸர் காத்து விட்டால் பீடு "டக் டக்" என்று லிப்பில் ஏறும். இதில் டயருக்கும் லிப்புக்கும் இரண்டு விரல் இடைவெளி, காத்து உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. கடைக்காரர் பெட்ரோல் பாட்டிலை எடுத்தார். உள்ளே ரெண்டு சொட்டு விட்டுத் தீக்குச்சி கிழித்தால், வெடிப்பின் வேகத்தில் பீடு ஏறிவிடும் என்பது கணக்கு. வேண்டாம் என்று போனிலேயே கத்தினேன். அந்த வெடியில் பீடு கிழியலாம், உள் ரப்பர் கருகலாம், டயர் உருவி எகிறி முகத்தில் அடிக்கலாம். சாதாரண கார் டயரை உட்காரவைக்க 40 பி.எஸ்.ஐ.-க்கு மேல் ஏற்றவே கூடாது என்பது பொது விதி. அதற்குள் உட்காராத டயர் அந்த ரிம்முக்குப் பொருந்தாத டயர்.

மற்ற கணக்குகளையும் பார்த்துவிடுவோம். எடை எண் 84, ஒரு டயருக்கு 500 கிலோ, பழையதை விட 60 கிலோ குறைவு. ஐந்து பேர் ஏறினாலும் ஒரு சக்கரத்தில் 500 கிலோ வராது என்பது உண்மைதான். ஆனால் அந்த 500 என்பது அனுமதித்த ரிம்மில் மாட்டினால் கம்பெனி தரும் வாக்கு. 8 ஜே-யில் அந்த வாக்கு செல்லாது, டயர் வெடித்தால் வாரண்டியும் கேட்க முடியாது. மொத்த உயரம் 3.2 சதவீதம் குறைவு, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 97-ல் போகும், தரை இடைவெளி ஒரு சென்டிமீட்டர் போகும். ஊருக்கு ஊர் இஷ்டத்துக்குப் போட்ட வேகத்தடைகளில் அந்த ஒரு சென்டிமீட்டர் கேட்கும்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். நடைமுறையில் யாரும் நிறுத்தி ரிம்மை அளப்பதில்லை. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் அளப்பார்.

"ஜெர்மனியில் எல்லாம் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்று போட்டோ காட்டுகிறவர்களுக்கு ஒன்று. அங்கே அட்டவணைக்கு வெளியே போக வேண்டுமென்றால், குறிப்பிட்ட டயரை அந்த ரிம்மில் போடலாம் என்று டயர் கம்பெனியிடமே எழுத்தில் வாங்கி, வண்டியைப் பரிசோதனைக்கும் காட்ட வேண்டும். போட்டோவில் டயர் தெரிகிறது, காகிதம் தெரிவதில்லை.

இந்த வழி யாருக்குச் சரி? கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் காருக்கு. நம் பக்கம் அப்படி ஒரு காரை நான் பார்த்ததில்லை.

## நான்கும் பக்கத்தில் பக்கத்தில்

| | வழி 1 | வழி 2 | வழி 3 | வழி 4 |
|---|---|---|---|---|
| டயர் | 185/65 R15 | 195/60 R15 | 195/55 R16 | 195/50 R16 |
| ரிம் | 5½ ஜே | 5½ ஜே | 6½ ஜே | 8 ஜே |
| அனுமதி | 5 – 6½ | 5½ – 7 | 5½ – 7 | 5½ – 7 |
| எல்லைக்குள்ளா? | நடுவில் | கீழ் எல்லையில் | உள்ளே | ஓர் அங்குலம் வெளியே |
| உயர மாற்றம் | இல்லை | 1% குறைவு | இல்லை | 3.2% குறைவு |
| எடை எண் | 88 | 88 | 87 (91 கேட்டு வாங்கவும்) | 84 |
| சைடுவால் | 120 மி.மீ. | 117 மி.மீ. | 107 மி.மீ. | 97 மி.மீ., விறைத்து |
| ஸ்டெப்னி | ஒத்துப்போகும் | ஒத்துப்போகும் | உயரம் ஒத்துப்போகும் | ஒத்துப்போகாது |

## ஏற்கெனவே இழுத்து மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு

கழற்றும் வரைக்கும் சில விஷயங்களைக் கவனியுங்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் காத்தைப் பாருங்கள், வாரத்தில் 2 பி.எஸ்.ஐ.-க்கு மேல் இறங்கினால் லிப்பில் கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சைடுவாலில் ரிம்முக்குப் பக்கத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய வரை வார்த்திருக்கும். லிப்பிலிருந்து அந்த வரை எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் லிப்புக்குள் மறைந்தால் பீடு அங்கே சரியாக உட்காரவில்லை. எதிரே பஸ் வந்தால் முழுக்க நின்றுவிட்டு, திரும்ப ஏறும்போது விளிம்பில் தேய்க்காமல் நேராக ஏறும்படி ஸ்டீரிங்கை அதிகம் ஒடித்து, நடை வேகத்தில் ஏறுங்கள். காத்தை 40-க்கு ஏற்றினால் பீடு கழறாது என்று சிலர் ஓட்டுகிறார்கள். கழறுவது குறையும், ஆனால் அடி முழுவதும் ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகும். கசிவு தொடங்குவதே அப்படி வளைந்த லிப்பில்தான்.

அக்கா மகன் கடைசியில் வழி 3-க்குப் போனான். 6½ ஜே, 91 எண் டயர். நானாக இருந்தால் வழி 1-லேயே நல்ல டயராகப் போட்டிருப்பேன், ஆனால் இருபத்து மூன்று வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன். அந்த 8 ஜே ரிம்கள் நான்கும் அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. விற்கலாம் என்று அவன் சொன்னபோது, வாங்க வருகிறவரிடம் வண்டி என்ன, டயர் என்ன சைஸ் என்று முதலில் கேட்டுவிட்டு விலை பேசு என்றேன். இதுவரை இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இரண்டு பேருமே 195 போடத்தான் கேட்டார்கள்.